எந்தத் தந்தையின் மகன்? சுவீகார வாரிசுகளைப் பற்றி எழுதுவோருக்கு

மட்டக்களப்பில் நொத்தாரிசாகப் பணியாற்றும் எனக்கு, காணிப் பங்குவழக்குகளுக்காக வம்சாவழி வரைந்து கொடுக்கும் வேலையும் இடையிடையே வந்து சேரும். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, நினைவு மலர்களையும் பெரியோர் வரலாறுகளையும் அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் தரும்படி சிலர் கேட்பதுண்டு. அவற்றில் அடிக்கடி காணும் பிழை ஒன்றே: சுவீகாரம் எடுக்கப்பட்டவரைப் பெற்ற பிள்ளையாகவோ, பெற்றவரைச் சுவீகாரம் எடுத்தவராகவோ எழுதிவிடுவது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போடியார் குடும்பத்தார் நினைவு மலருக்கான கட்டுரையொன்றைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பாட்டனார் இன்ன போடியாருக்கும் அவர் மனைவிக்கும் ‘ஏக புத்திரராகப் பிறந்தார்’ என்று அது தொடங்கியது. இரண்டாம் பக்கத்தில், அவர் தம் குடியின் சார்பில் ஊர்க் கோயிலில் வண்ணக்கராக இருந்தார் என்று அந்தக் குடியின் பெயரோடு எழுதியிருந்தது. அது போடியாரின் குடி. நம்மூரில் குடி தாய்வழியாக வருவது என்பதையும், ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை என்பதையும் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. போடியாரின் மனைவி பெற்ற பிள்ளையாக இருந்தால் அவர் மனைவியின் குடியைச் சேர்ந்திருக்க வேண்டும். ‘தந்தை’யின் குடியில் வண்ணக்கராக இருந்தவர் அந்தத் தந்தையின் சகோதரி வயிற்றில் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். குடும்பத்தின் மூத்த அம்மா ஒருவரிடம் கேட்டபோது, “ஓம் மனே, அவர் போடியார்ட தங்கச்சிட புள்ளதானே, பால்குடி மறந்த கையோட எடுத்து வளத்தது” என்று சாதாரணமாகச் சொன்னார். வீட்டில் யாரும் அதை மறைக்கவில்லை. எழுத்தில் மட்டும் மறைந்துபோயிருந்தது.

காணிப் பதிவகத்தில் பழைய பதிவேட்டைத் தேடியபோது போடியார் எழுதிய நன்கொடை உறுதி கிடைத்தது. அதில் வயற்காணியைப் பெறுபவர் ‘எனது மருமகன்’ என்று குறிக்கப்பட்டிருந்தார். சகோதரியின் மகன் ஆணுக்கு மருமகன்தான். நொத்தாரிசு சரியாகவே எழுதியிருக்கிறார். மகனாக வளர்த்தவருக்கு ஏன் உறுதி எழுத வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டார்கள். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம் வரும்வரை, நம் பகுதிக்குப் பொருந்திய ரோமன்-டச்சுச் சட்டத்தில் சுவீகாரம் என்ற ஒன்றே இல்லை. உறுதியோ மரணசாசனமோ எழுதாமல் போடியார் இறந்திருந்தால் வளர்ப்பு மகன் என்ற முறையில் அவருக்கு ஒரு பரப்பும் வந்திராது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் நிலை வேறு: அங்கே மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கோடு பிள்ளை எடுக்கும் முறை இருந்தது. ஆகவே, பழைய மட்டக்களப்பு உறுதியொன்றில் ‘வளர்ப்பு மகன்’ என்று கண்டால் அது பாசத்தைச் சொல்கிறதே தவிர உரிமையைச் சொல்லவில்லை என்று கொள்வதே சரி.

அரச, சமீன் குடும்பங்களில் சுவீகாரம் முழுச் சட்டச் செயலாக இருந்தது. இந்து சட்டப்படி பிள்ளையைப் பெற்றவர் கொடுக்கவும் எடுப்பவர் வாங்கவும் வேண்டும். அதன்பின் அவர் சொத்துரிமையில் எடுத்த குடும்பத்தின் மகன் ஆகிறார். பிறந்த குடும்பத்தோடு இருக்கும் திருமணத் தடை மட்டும் நீங்குவதில்லை. இந்த இரண்டு வீட்டு உறவையும் ஒரே கதையில் பார்க்க விரும்புவோருக்கு இராமநாதபுரம் நல்ல எடுத்துக்காட்டு. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணைநின்ற பாஸ்கர சேதுபதியின் பெயர், காரைதீவு விபுலாநந்தரின் வழிவந்த நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுவது என்பதால் இதை எடுத்துக்கொள்கிறேன்.

பாஸ்கர சேதுபதியின் தந்தை இரண்டாம் முத்துராமலிங்க சேதுபதி. அவருக்கு ஒரு தமையன்: ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணையாயிருந்த பொன்னுசாமித் தேவர். உடன்பிறந்தவர்களில் மூத்தவர் தேவர், இளையவர் சேதுபதி என்று பட்டம் மாறி நிற்பதைக் கண்டவுடனேயே எழுதுபவர் பேனாவை நிறுத்த வேண்டும். இராமசாமி சேதுபதி 1830இல் ஆண் பிள்ளையின்றி இறந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மனைவி பர்வதவர்த்தனி நாச்சியார் முத்துராமலிங்கத்தைச் சுவீகாரம் எடுத்தார். கணவர் அனுமதி கொடுக்காமல் இறந்துவிட்டார், ஆகவே சுவீகாரம் செல்லாது, வாரிசில்லாத சமீன் அரசாங்கத்துக்கே என்று மதுரைக் கலெக்டர் வாதிட்டார். இலண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் சுவீகாரம் செல்லும் என்றது; கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும் அவருடைய உறவினரின் சம்மதத்தோடு விதவை பிள்ளை எடுக்கலாம் என்பது தமிழ்நாட்டுப் பகுதிக்கான விதியானது.

இப்போது பாஸ்கர சேதுபதிக்கும், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவருக்கும் என்ன உறவு? பாண்டித்துரை பொன்னுசாமித் தேவரின் மகன், 1867இல் பிறந்தவர். பாஸ்கரர் 1868இல் பிறந்தவர். பிறப்பால் பாண்டித்துரை பெரியப்பா மகன், ஆகவே அண்ணன். சுவீகாரத்தின்படி பாஸ்கரரின் பாட்டனார் இராமசாமி சேதுபதி. பாண்டித்துரைக்கு அவர் பாட்டனார் அல்லர். தமிழில் பெரியப்பா மகனையும் உடன்பிறந்தவனையும் ஒரே ‘அண்ணன்’ என்ற சொல்லால் அழைப்பதால் இந்தப் பிளவு நம் காதில் விழுவதேயில்லை. ‘சகோதரர்’ என்று மட்டும் எழுதிவிட்டால், வாசகர் இருவரையும் ஒரே தந்தையின் மக்களாக நினைத்துக்கொள்வார். இன்னொரு தொல்லை, பெயர் திரும்ப வருவது: ஆங்கிலேயர் 1795இல் சிறைப்படுத்திய முத்துராமலிங்க சேதுபதி வேறொருவர்.

பெயர்களில் குழப்பம் இருக்கும்போது ஆண்டுகள் கைகொடுக்கும். பரோடாவின் மூன்றாம் சயாஜிராவ் 1863இல் கோபால்ராவ் என்ற பெயரில் காசிராவுக்குப் பிறந்தார். மன்னர் கண்டேராவ் 1870இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவி ஜம்னாபாய் 1875இல்தான் இந்தச் சிறுவனைச் சுவீகாரம் எடுத்தார். கண்டேராவை ‘தந்தை’ என்று எழுதுவது சட்டப்படி தவறில்லை. ‘கண்டேராவால் வளர்க்கப்பட்டார்’ என்று எழுதினால் ஆண்டுகளே அதை மறுக்கும். ஜான்சியில் பொறி வேறு மாதிரி. கங்காதர் ராவுக்கும் இலட்சுமிபாய்க்கும் பிறந்து குழந்தையாகவே இறந்த மகனுக்குத் தாமோதர் ராவ் என்று பெயர். 1853இல் மன்னர் இறப்பதற்கு முதல் நாள் சுவீகாரம் எடுக்கப்பட்ட ஆனந்த் ராவுக்கும் அதே பெயர்தான் சூட்டப்பட்டது. இரண்டு பிள்ளைகளை ஒருவராக்கி எழுதிய கட்டுரைகளை நானே பார்த்திருக்கிறேன்.

நான் கடைப்பிடிக்கும் வழி மிக எளியது. ‘தந்தை’, ‘மகன்’ என்ற சொற்களைத் தனியே விடாமல், பெற்றாரா எடுத்தாரா என்ற வினைச்சொல்லையும், எடுத்தது யார், எந்த ஆண்டில் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சேர்த்துவிடுகிறேன். பெற்றோர் பெயர் தெரியாவிட்டால் எடுத்தவர் பெயரை அந்த இடத்தில் நிரப்புவதில்லை.

போடியார் குடும்பத்தார் திருத்தத்துக்கு முதலில் தயங்கினார்கள். ‘வளர்ப்பு’ என்ற சொல் பாட்டனாரைக் குறைத்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. கடைசியில் அச்சான வாக்கியம் இது: “போடியாரின் சகோதரி வயிற்றில் பிறந்து, பால்குடி மறந்த வயதிலிருந்து போடியாராலும் அவர் மனைவியாலும் மகனாக வளர்க்கப்பட்டு, நன்கொடை உறுதியின் மூலம் அவர்களுடைய வயற்காணியைப் பெற்றார்.” மலர் வெளிவந்த பின், போடியாரின் தங்கையின் பெயரை ஏன் விட்டீர்கள் என்று அதே மூத்த அம்மா கேட்டாராம், அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.