கோப்பில் இருந்த தொடர்புகள் எங்கே போயின? உதவிக் கட்டுரை எழுதுபவர் பார்க்க வேண்டியவை

மென்பொருள் நிறுவனங்களில் டாக்குமெண்டேஷன் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வந்து சேரும். புதிய வசதி ஒன்று அடுத்த வாரம் வெளியாகிறது, அதற்கு உதவிக் கட்டுரை வேண்டும் என்பார்கள். கூடவே டெவலப்பர் எழுதிய நாலு வரிக் குறிப்பு ஒன்று இருக்கும். அந்தக் குறிப்பை நல்ல ஆங்கிலத்தில் மாற்றி, வரிசை எண் போட்டு, இரண்டு ஸ்கிரீன்ஷாட் சேர்த்தால் கட்டுரை முடிந்தது என்று இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களும் நினைக்கிறார்கள், வேலை கொடுக்கிறவர்களும் நினைக்கிறார்கள். அப்படி எழுதிய கட்டுரையில் இலக்கணப் பிழை இருக்காது, ஒரு படிகூடத் தப்பாக இருக்காது. ஆனால் அதைப் படித்து அப்படியே செய்தவருடைய தகவல்கள் அழிந்துபோயிருக்கும். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நடந்ததை வைத்தே இதை விளக்குகிறேன்.

அங்கே இருந்தது வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண் போன்றவற்றைச் சேமித்து வைக்கும் ஒரு மென்பொருள். வேறொரு மென்பொருளிலிருந்து மாறி வருகிறவர்கள் தங்கள் தொடர்புகளை ஒரு சிஎஸ்வி கோப்பாக ஏற்றிக்கொள்ளலாம். அதற்கான உதவிக் கட்டுரை முன்பே இருந்தது: அமைப்புகளுக்குப் போ, இறக்குமதியைத் திற, கோப்பை ஏற்று, நெடுவரிசைகளைப் பொருத்து, தொடங்கு. ஐந்து படிகளும் சரிதான். ஆனாலும் சப்போர்ட் அணிக்கு ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கோப்பில் இருந்த அத்தனை பேரும் உள்ளே வரவில்லை, பலரைக் காணோம். சப்போர்ட்டில் இருந்தவர்கள், ஒரே எண் இரண்டு முறை இருந்தால் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், கோப்பைச் சரிபாருங்கள் என்று பதில் போட்டார்கள். அப்படி ஓர் எண்கூட இரண்டு முறை இல்லை என்று வாடிக்கையாளர்கள் அடித்துச் சொன்னார்கள்.

என்னிடம் கேட்டது, இரட்டை எண்கள் பற்றிக் கட்டுரையில் ஒரு குறிப்பு சேர்க்கச் சொல்லித்தான். அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. கட்டுரை "கோப்பை ஏற்று" என்பதில் தொடங்குகிறது. வாடிக்கையாளருக்கு வேலை அங்கேயா தொடங்குகிறது? பழைய மென்பொருளிலிருந்து கோப்பை எடுக்கிறார். அதை எக்செலில் திறக்கிறார். வேண்டாத நெடுவரிசைகளை நீக்கிச் சேமிக்கிறார். அதற்கு அப்புறம்தான் நம்முடைய முதல் படிக்கே வருகிறார். அந்த முன்கதையை நானும் செய்து பார்த்தேன். பழைய மென்பொருள் கொடுக்கும் கோப்பு இப்படி இருக்கும் (பெயர்களும் எண்களும் எடுத்துக்காட்டுக்காக):

```
name,phone
Kavitha,919812345678
Selvam,919812087654
```

இதை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து, அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்து, பிறகு ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் பார்த்தால்:

```
name,phone
Kavitha,9.19812E+11
Selvam,9.19812E+11
```

பன்னிரண்டு இலக்கம் அல்லது அதற்கு மேல் உள்ள எண்ணை எக்செல் தன் இயல்பான வடிவத்தில் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது அந்தச் சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படுகிறது. அதை எங்கள் மென்பொருள் படித்தபோது கவிதாவுக்கும் செல்வத்துக்கும் ஒரே எண், 919812000000. எண் ஒன்றுதானே என்று இருவரையும் ஒருவராக்கி, பின்னால் வந்த பெயரை முன்னால் இருந்ததன் மேல் எழுதிவிட்டது. சப்போர்ட் சொன்னதும் உண்மை, வாடிக்கையாளர் சொன்னதும் உண்மை.

இது ஏன் சோதனையில் சிக்கவில்லை? சோதனை அணியின் மாதிரிக் கோப்பில் எல்லாம் பத்து இலக்க எண்கள். அவற்றை எக்செல் தொடுவதில்லை. நாட்டுக் குறியீட்டைச் சேர்த்து 91 என்று தொடங்கும்போதுதான் இலக்கம் பன்னிரண்டாகிறது. நடுவே இடைவெளி விட்டு எழுதியிருந்தாலும் எக்செல் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், ஒன்றும் ஆகாது. அதனால்தான் சிலருக்கு எல்லாம் சரியாக வந்தது, சிலருக்கு ஆட்கள் காணாமல் போனார்கள்.

ஒரு மென்பொருளைக் கற்றுக்கொள்வது என்று நான் சொல்வது இதைத்தான். டெமோ கூட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. சோதனைக் கணக்கு ஒன்றைப் புதிதாகத் திறந்து, வாடிக்கையாளர் கையில் எது இருக்குமோ அதை வைத்துக்கொண்டு முழு வேலையையும் செய்ய வேண்டும். நிர்வாகி உரிமையோடு ஒரு முறை, சாதாரணப் பயனர் உரிமையோடு ஒரு முறை. நிறுவனத்துக்குள் நமக்குக் கொடுக்கும் கணக்கு பெரும்பாலும் எல்லா உரிமையும் உள்ள கணக்கு. இன்னும் வெளியாகாத வசதிகளும் அதில் திறந்திருக்கும். நம் திரையில் தெரியும் மெனு, படிப்பவர் திரையில் இல்லாமலே போகலாம்.

பிறகு டெவலப்பரிடம் போக வேண்டும். "இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டால் அந்த நாலு வரிக் குறிப்பேதான் திரும்ப வரும். ஏற்றிக்கொண்டிருக்கும்போது பிரௌசரை மூடினால் என்ன ஆகும், அதே கோப்பை இரண்டாம் முறை ஏற்றினால் என்ன ஆகும், ஏற்றியதைத் திரும்ப எடுக்க முடியுமா, ஒரு வரி தப்பாக இருந்தால் அந்த வரி மட்டும் நிற்குமா, மொத்தமும் நிற்குமா என்று கேட்க வேண்டும். "அதெல்லாம் யாருங்க செய்யப் போறாங்க" என்று பதில் வந்தால் பழைய சப்போர்ட் டிக்கெட்டுகளைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் யாராவது செய்திருப்பார்கள்.

எங்கள் கட்டுரையில் ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று ஒரு பகுதி புதிதாக வந்தது. அதன் சாரம் இது:

1. எக்செலில் காலியான புதிய கோப்பு ஒன்றைத் திறக்கவும்.
2. Data தாவலில் From Text/CSV என்பதைத் தேர்ந்து, உங்கள் கோப்பைத் தேர்வு செய்யவும்.
3. முன்னோட்டத்தில் Transform Data என்பதை அழுத்தவும்.
4. தொலைபேசி நெடுவரிசையின் வகையை Text என்று மாற்றவும். கேட்டால் Replace current என்பதைத் தேர்வு செய்யவும்.
5. Close & Load என்பதை அழுத்தவும்.
6. வேண்டிய திருத்தங்களைச் செய்து, CSV UTF-8 (Comma delimited) வகையில் சேமிக்கவும்.

கடைசிப் படியில் அந்த வகையைப் பெயரோடு சொன்னதற்குக் காரணம் உண்டு. எக்செலில் சாதாரண சிஎஸ்வி வகையும் இருக்கிறது. அதில் சேமித்தால் தமிழில் எழுதிய பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். நான்காம் படி பூஜ்யத்தில் தொடங்கும் எண்களையும் காப்பாற்றுகிறது. இல்லையென்றால் சென்னையின் 044 வெறும் 44 ஆகிவிடும்.

இந்தப் பகுதிக்குக் கீழே ஓர் எச்சரிக்கையும் வைத்தோம். சுருங்கிய எண்ணோடு சேமித்துவிட்ட சிஎஸ்வியை எந்த வழியிலும் மீட்க முடியாது, பழைய மென்பொருளிலிருந்து கோப்பைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். இப்படி முடியாததை முடியாது என்று எழுத நிறுவனங்களில் தயங்குவார்கள். எழுதாவிட்டால் படிப்பவர் மீட்கும் வழியைத் தேடி அரை நாளைத் தொலைப்பார்.

அடுத்தது ஸ்டைல் கைடு, அதாவது எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் விதிகளின் தொகுப்பு. கூகுளின் டெவலப்பர் ஆவணங்களுக்கான கைடும் மைக்ரோசாஃப்டின் கைடும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. நிறுவனங்கள் இவற்றில் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, தங்களுக்கென்று ஒரு சிறு கைடும் வைத்திருக்கும். இரண்டும் முரண்பட்டால் நிறுவனத்தின் கைடுதான் முதலில். கூகுள் கைடே அந்த வரிசையைத்தான் சொல்கிறது: திட்டத்துக்கென்று உள்ள விதி முதலில், அதன் பிறகு கூகுள் கைடு, அதிலும் இல்லையென்றால் வெளிக் கைடுகள்.

புதியவர்கள் இந்த விதிகளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்வார்கள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் படிப்பவரின் ஒரு சிரமம் இருக்கிறது, அது தெரிந்தால் விதி தானாக நினைவில் நிற்கும். நிபந்தனையை முதலில் சொல், செயலைப் பிறகு சொல் என்பது கூகுள் கைடின் ஒரு விதி. எங்கள் பழைய கட்டுரையில் ஒரு படி இப்படி இருந்தது: "Start import என்பதை அழுத்தவும், ஏற்கெனவே உள்ள தொடர்புகளை மாற்ற வேண்டாம் என்றால் அதற்கு முன் Skip existing என்பதைத் தேர்ந்துகொள்ளவும்." உதவிக் கட்டுரையை யாரும் கதைபோல உட்கார்ந்து படிப்பதில்லை. ஒரு கண் கட்டுரையில், கை மவுஸில். வாக்கியத்தின் முதல் பாதியைப் படித்ததுமே பட்டனை அழுத்திவிடுவார்கள், நிபந்தனையைப் பார்க்கும்போது தகவல் மாறிப்போயிருக்கும். அதை இரண்டு படிகளாகப் பிரித்தோம். "ஏற்கெனவே உள்ள தொடர்புகள் மாறக்கூடாது என்றால், Skip existing என்பதைத் தேர்வு செய்யவும்." அடுத்த படி: "Start import என்பதை அழுத்தவும்."

பட்டன் பெயரைத் திரையில் உள்ளபடியே, தடித்த எழுத்தில் போடு என்பதும் அப்படித்தான். படிப்பவர் அந்தப் பெயரைத் திரையில் தேடுகிறார். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தான் வேறு பக்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுவார். எளிது, சுலபம் போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அந்தப் படியில் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு அது எளிதாக இல்லையே.

விதிகளைச் சரிபார்க்க வேல் என்ற திறமூலக் கருவி இருக்கிறது, எந்த விதிகள் வேண்டும் என்று அதன் அமைப்புக் கோப்பில் ஒரு முறை குறித்துவிட்டு, `vale article.md` என்பதுபோலக் கோப்பின் பெயரோடு கட்டளை கொடுத்தால் போதும். கூகுள், மைக்ரோசாஃப்ட் விதித் தொகுப்புகள் அதற்குத் தயாராகவே கிடைக்கின்றன. நான் அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன், சொல் பிழைகளை விவாதிக்கும் நேரம் மிச்சமாகிறது. ஆனால் எங்கள் பழைய கட்டுரையின் ஐந்து படிகளை அதில் ஓட்டியிருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்காது. எக்செலில் எண் சுருங்குவது எந்த ஸ்டைல் விதியிலும் இல்லை.

தலைப்பையும் மாற்றினோம். பழைய தலைப்பு வசதியின் பெயரைச் சொன்னது. தொடர்புகளைக் காணோம் என்று வருகிறவர் அந்தப் பெயரில் தேட மாட்டார். அதனால் இறக்குமதிக் கட்டுரையை அப்படியே வைத்துக்கொண்டு, இறக்குமதிக்குப் பிறகு தொடர்புகள் காணவில்லை என்ற தலைப்பில் தனியாக ஒரு சிறு கட்டுரை எழுதினோம். அதில் முதல் வரியிலேயே சோதனை: கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து `E+` என்று தேடிப் பாருங்கள். இருந்தால் காரணம் இதுதான். இல்லையென்றால் இரட்டை எண்களைப் பார்க்கும் பகுதிக்குப் போங்கள். சப்போர்ட் அணியும் பதிலில் அந்தக் கட்டுரையின் இணைப்பையே அனுப்பத் தொடங்கியது.

கண்டுபிடித்ததை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை, டெவலப்பர்களுக்குப் பிழை அறிக்கையாகவும் கொடுத்தேன். பிந்தைய வெளியீடு ஒன்றில், தொலைபேசி நெடுவரிசையில் இப்படிச் சுருங்கிய எண் இருந்தால் மென்பொருளே நிறுத்தி எச்சரிக்கும்படி செய்தார்கள். அந்த எச்சரிக்கை வாசகத்தை எழுத்து மாறாமல் கட்டுரையில் சேர்த்தோம், மக்கள் திரையில் வருவதை அப்படியே நகலெடுத்துத்தான் தேடுகிறார்கள். காணாமல் போனவர்களைப் பற்றிய தனிக் கட்டுரையை இனி எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்த வெளியீட்டுக்கு முன் ஏற்றியவர்களின் கணக்குகளில் தப்பான எண்கள் இன்னும் இருக்கின்றன, அவர்கள் ஒருவரை அழைக்கும் நாளில்தான் அது தெரியவரும்.