வாசலில் காவலாளி, உள்ளே திருடன்: 200 நாள் ஃபில்டரைப் பாதியில் நிறுத்துபவர்களுக்கு

வர்த்தக நிரல்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். "200 நாள் சராசரி ஃபில்டர் போட்டிருக்கிறேன், ஆனாலும் 2020-ல் இவ்வளவு பெரிய பள்ளம் வருகிறதே, ஏன்?" என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று நிரல்களிலும் ஒரே ஓட்டைதான். நாலாவது ஆள் வருவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கடைசியாக வந்தவரின் நிரல் எளிமையானது. எஸ் அண்ட் பி 500 குறியீடு தன் உச்சத்திலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், மறுநாள் குளோசிங் விலையில் வாங்கும். 3 சதவீத லாபம் வந்ததும் விற்கும். கரடிச் சந்தையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, குறியீடு 200 நாள் சராசரிக்கு மேலே இருந்தால்தான் வாங்கலாம் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்:

```python
if close > ma200 and dip:
    buy()
```

2020 பிப்ரவரி 19 அன்று குறியீடு 3386-ல் உச்சம் தொட்டது. 25-ம் தேதி 3128-க்கு இறங்கியது. 5 சதவீதம் தாண்டியாயிற்று, சராசரிக் கோடோ 3050-ஐ ஒட்டித்தான் இருந்தது. நிபந்தனை சரி என்று நிரல் மறுநாள் 3116-ல் வாங்கியது. அதற்கும் மறுநாள், 27-ம் தேதி, குறியீடு 2979. கோட்டுக்குக் கீழே. ஃபில்டர் இப்போது என்ன செய்தது? புதிதாக வாங்காதே என்று சொன்னது. கையில் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பற்றிப் பேசச் சொல்லி யாரும் எழுதவில்லையே! வாங்கியது மார்ச் 23 வரை, குறியீடு 2237-க்கு விழும் வரை, அப்படியே கிடந்தது. 28 சதவீதப் பள்ளம் அங்கேதான் வந்தது.

27-ம் தேதி கோடு உடைந்ததைப் பார்த்து 28-ம் தேதி குளோசிங்கில் வெளியேறியிருந்தால் விலை 2954. நஷ்டம் 5 சதவீதம் சொச்சம். வித்தியாசம் இவ்வளவுதான்:

```python
ok = (close > ma200).shift(1, fill_value=False)

# தினமும், குளோசிங்கில்; dip-உம் நேற்றைய குளோசிங்கை வைத்துத்தான்
if not ok[today]:
    sell_all()
elif dip:
    buy()
```

`shift(1)` ஏன் என்று இங்கே விளக்கப் போவதில்லை. இன்றைய குளோசிங்கைப் பார்த்து இன்றைய குளோசிங்கிலேயே வர்த்தகம் செய்ய முடியாது என்பது தெரியாதவர் தயவுசெய்து பேக்டெஸ்டை மூடி வையுங்கள்.

சரி, இனி எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். "ஃபில்டர் இருந்தால் வீழ்ச்சிக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடலாம்" என்கிறார்கள். வர முடியாது. ஒருநாளும் முடியாது. 200 நாள் சராசரி என்பது கடந்த 200 வர்த்தக நாட்களின் விலையைக் கூட்டி வகுத்தது. அதன் நடுப்புள்ளி சுமார் 100 வர்த்தக நாட்களுக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்கு முன்னால் கிடக்கிறது. நன்றாக ஏறிக்கொண்டிருக்கும் சந்தையில் கோடு விலைக்கு வெகு கீழேதான் இருக்கும். 2020 உச்சத்தன்று அந்த இடைவெளி கிட்டத்தட்ட 10 சதவீதம். கோட்டைத் தொடுவதற்கே சந்தை 10 சதவீதம் விழ வேண்டும். அந்த 10 சதவீதத்தை நீங்கள் தாங்கித்தான் ஆக வேண்டும். இந்த ஃபில்டருக்கு நடுக்கம் தெரியாது, செய்தி தெரியாது, உச்சமும் தெரியாது. 2007 அக்டோபரில் 1565-ல் இருந்த இதே குறியீடு 2009 மார்ச்சில் 676-க்குப் போனது, பழைய உச்சத்துக்குத் திரும்ப 2013 மார்ச் ஆனது. அப்படி மாதக்கணக்கில் நீளும் சரிவில் பெரும்பகுதியை வெளியே நின்று பார்க்க வைப்பதற்குத்தான் இந்தக் கோடு. முதல் இறக்கத்துக்கு இதனிடம் மருந்து கேட்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும், "அப்போ 150 நாள் போட்டால்?" என்று அடுத்த கேள்வி வருகிறது. 150 போட்டால் சீக்கிரம் வெளியே வருவீர்கள், தேவையில்லாமலும் அடிக்கடி வெளியே வருவீர்கள். ஒருவர் 187 என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ஏன் 187 என்றேன். அதில்தான் லாபம் அதிகம் என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்து, தினமும் பார்ப்பதா, மாதக் கடைசியில் பார்ப்பதா. அதே 2020-ல் பிப்ரவரி 27 முதல் மார்ச் 5 வரையிலான ஆறு வர்த்தக நாட்களில் குறியீடு கோட்டை ஐந்து முறை கடந்தது. கீழே, மேலே, கீழே, மேலே, கீழே. தினமும் பார்க்கும் நிரல் அந்த வாரம் முழுக்க வாங்கி வாங்கி விற்கும். அதில் ஒன்றிரண்டு லாபத்தில் முடியலாம், அது அதிர்ஷ்டம். இந்த அலைச்சல் பொறுக்காமல்தான் பலர் ஃபில்டரையே அணைத்துவிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் அது மிகவும் தேவைப்படும் வாரத்தில்.

மாதக் கடைசி விலையை 10 மாதச் சராசரியோடு ஒப்பிட்டால் சத்தம் அடங்கும். பிப்ரவரி முடிவில் விலை 2954, சராசரி 3017. வெளியே. மார்ச், ஏப்ரல் முடிவுகளிலும் விலை கீழேதான். மே முடிவில் விலை 3044, சராசரி 3003. உள்ளே. மூன்று மாதத்தில் இரண்டே வர்த்தகங்கள். விற்றதைவிட 3 சதவீதம் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கியிருக்கிறோம் என்பது உண்மை. அந்த 3 சதவீதம், இடையில் 2237-ஐ வெளியிலிருந்து பார்த்ததற்கான கட்டணம். கட்ட மனமில்லாதவர் ஃபில்டர் வைக்க வேண்டாம்.

மாதக் கடைசிக்கும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். நடுவில் இடி விழுந்தால் அதற்குத் தெரியாது. 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் எஸ் அண்ட் பி 500 சுமார் 20 சதவீதம் விழுந்தது. செப்டம்பர் கடைசியில் பார்த்தவர் உள்ளேதான் இருந்தார்.

ஓட்டையை அடைத்ததும் அந்த நண்பர் முகம் வாடிவிட்டது. பழைய நிரலில் அந்த 3116 ஜூன் 8 அன்று லாபத்தில் விற்றிருக்கிறதாம், புதியதில் 5 சதவீத நஷ்டமாம். உண்மைதான். 2020-ல் சந்தை மூன்றரை மாதத்தில் அவர் வாங்கிய விலைக்குத் திரும்பி வந்தது. ஐந்தரை வருடம் வராத முறையும் உண்டு என்று மேலேயே எழுதியிருக்கிறேன். எது வரும் என்று பிப்ரவரி 27 மாலையில் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். தரவின் முதல் 199 நாட்களுக்குச் சராசரியே இருக்காது. `NaN`-ஐ எதைவிடப் பெரிதா, சிறிதா என்று ஒப்பிட்டாலும் விடை பொய் என்றே வரும். `if close < ma200: block()` என்று தலைகீழாக எழுதியவர்களின் நிரலில் அந்த நாட்கள் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். "மேலே இருந்தால் அனுமதி" என்றே எழுதுங்கள்.

எனக்கு அனுப்புவதற்கு முன் உங்கள் பேக்டெஸ்ட் பதிவில் இந்த ஒரு வரியை ஓட்டிப் பாருங்கள். `qty` என்பது நாள் முடிவில் கையில் உள்ள எண்ணிக்கை:

```python
df[(~df["ok"]) & (df["qty"] > 0)]
```

விடை வெறுமையாக வர வேண்டும். ஒரு வரிசை வந்தாலும் அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு, அன்று ஏன் விற்கவில்லை என்று நிரலில் தேடுங்கள்.