மூன்று சின்னப் பந்திகளும் ஒரு போன் திரையும்

கொக்குவிலில் ஒரு பழைய ஓட்டு வீடு. கூரை திருத்த மதிப்பீடு அனுப்பிய தச்சர், பதில் வராததால் கனடாவிலுள்ள வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டாம் முறை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுகம் விசாரிப்பு, ஓட்டு விலை, உக்கிய சலாகை, மழை, முற்பணம் எல்லாம் ஒரே மூச்சில். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார், நீலச் சரிக்குறி விழுந்துவிட்டது. பதில்: "நாங்கள் சுகம் தம்பி." சலாகையை மாற்றுவதா என்று கேட்டதற்கு ஒரு சொல்லும் இல்லை.

நீலக்குறி, உரையாடல் திறக்கப்பட்டதை மட்டும்தான் காட்டும். எவ்வளவு தூரம் வாசித்தார் என்பதைப் பதில்தான் காட்டும். முதலில் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தால், கண் அங்கேயே நின்றுவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் அப்படி நிற்கிறது? நம் கண் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு மிகச் சிறியது, கிட்டத்தட்ட 2 பாகை. போனை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால் அது திரையில் ஒரு சென்ரிமீற்றர் அகலம். அதனால் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தரிப்பும் ஏறக்குறைய கால் விநாடி. திரை அசையாமல் இருக்கும்வரை, அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். விரலால் தள்ளியதும் எல்லா வரிகளும் இடம் மாறிவிடும். விட்ட இடத்தைத் திரும்பத் தேடவேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிப்பவர் அந்த இடத்தில்தான் "பிறகு பார்ப்பம்" என்று மூடிவிடுகிறார்.

ஆகவே ஒரே திரைக்குள் அடங்குவதுதான் முக்கியம். தமிழில் இது கொஞ்சம் இறுக்கமான கணக்கு, நம் சொற்கள் நீளமானவை. செய்திப் பெட்டியின் ஒரு வரியில் பெரும்பாலும் மூன்று நான்கு சொற்கள்தான் நிற்கும். இருபது வரி தெரிகிறது என்றால் அறுபது எழுபது சொற்கள். பந்திகளுக்கு நடுவே விடும் வெற்று வரிகளுக்கும் இடம் வேண்டும். அந்த வெற்று வரிகளை மிச்சம் பிடிக்கக்கூடாது. நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும் கண் வந்து இறங்குவது அங்கேதான். மிக நீண்ட செய்தி என்றால் வாட்ஸ்அப்பே பாதியில் மடித்துவிடும். அதற்குக் கீழே இருப்பதைத் தட்டித் திறந்தால்தான் காணலாம்.

தச்சர் அதையே மூன்று சின்னப் பந்திகளில் இப்படி எழுதியிருக்கலாம்:

"அண்ணை, கொக்குவில் வீட்டுக் கூரைக்கு அனுப்பின மதிப்பீடு பற்றித்தான் எழுதுறன். உங்கட முடிவு இன்னும் வரேல்லை.

நேற்று ஏறிப் பார்த்ததில வடக்குப் பக்கச் சலாகை நாலு உக்கியிருக்கு. மாற்றினால் கூலியோட 20,000 ரூபா கூடும். படம் மேல இருக்கு.

மாற்றட்டோ? வெள்ளிக்குள்ள சொன்னால் ஐப்பசி மழைக்கு முதல் ஓடு போட்டு முடிச்சிடலாம்."

முதல் பந்தி எதைப் பற்றியது என்பதைச் சொல்கிறது. போன் பூட்டியிருக்கும்போது அறிவிப்பில் தெரிவது தொடக்க வரிகள்தான். அவற்றைச் சுகம் விசாரிப்புக்குக் கொடுத்துவிட்டால் விஷயம் வெளியே தெரியாது. "அண்ணை" என்ற ஒரு சொல்லே மரியாதைக்குப் போதும். நடுப் பந்தியில் போன தடவை சொல்லாத புதுச் செய்தி மட்டும். பழைய மதிப்பீட்டைத் திரும்ப ஒப்புவிப்பதில்லை, அது மேலே கிடக்கிறது.

கேள்வியைக் கடைசியில் வைப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. பதில் எழுதத் தட்டியதும் விசைப்பலகை எழுந்து திரையின் அரைவாசிக்குக் கிட்ட மறைத்துவிடும். உரையாடல் மேலே தள்ளப்பட்டு, எழுதும் பெட்டிக்கு நேர் மேலே செய்தியின் கடைசி வரிகள் நிற்கும். பதில் எழுதுகிறவரின் கண் முன்னே அந்த நேரத்தில் இருப்பது "மாற்றட்டோ?" தான். படத்தை முதலிலேயே அனுப்பியதும் இதற்காகத்தான். பின்னால் அனுப்பியிருந்தால் அந்தப் படம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வியை மேலே தள்ளியிருக்கும்.

இந்த அளவு ஒரு கேள்விக்குத்தான் சரிவரும். முற்பணமும் கேட்கவேண்டுமென்றால் சலாகைக்குப் பதில் வந்தபிறகு தனியாகக் கேட்பது நல்லது. இரண்டையும் சேர்த்தால் ஒன்று தவறும். அளவு விபரங்களைத் தாளில் எழுதிப் படமாக அனுப்பலாம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் வயதானவர்களின் போனில் வரிக்கு இரண்டு சொல்தான் வரும், மூன்று பந்தியும் ஒரு திரைக்குள் நிற்காது. அவர்களுக்கு எழுதும்போது நடுப் பந்தியை ஒரே வரியாக்கி, விலை விபரத்தைக் குரல்பதிவில் சொல்லிவிடுங்கள். கேள்வி மட்டும் எழுத்தில், கடைசியில் இருக்கட்டும்.