எல்லையற்ற தொகையா, முடிவுறாத் தொடரா?

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் டியூஷன் நோட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். அச்சடித்து ஒட்டிய வினா: "8, 4, 2, 1... என்ற வடிவியல் தொடரின் எல்லையற்ற தொகையைக் காண்க." கீழே விடை, 16.

"எல்லையே இல்லாத தொகைன்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் 16ன்னு போட்டிருக்காங்க. இதுல எது தாத்தா சரி?"

பையன் கேட்டது கணக்கு இல்லை, தமிழ். மன்னார்குடிப் பக்கம் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த 'எல்லையற்ற தொகை' எத்தனை தடவை காதில் விழுந்தது என்பதற்குத்தான் எல்லை இல்லை.

முதலில் 'வடிவியல்' என்பதை முடித்துவிடுவோம். கிரேக்கத்தில் 'கே' நிலம், 'மெட்ரோன்' அளவு. நிலம் அளந்த வித்தையே ஜியோமெட்ரி ஆயிற்று. இந்தத் தொடரில் அடுத்தடுத்த மூன்று எண்களை எடுத்தால், ஓரத்து இரண்டையும் பக்கங்களாகக் கொண்ட செவ்வகத்தின் பரப்பும் நடு எண்ணைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தின் பரப்பும் ஒன்றாக இருக்கும். 8, 4, 2 என்றால் எட்டிரண்டு பதினாறு, நாநான்கு பதினாறு. பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். நமக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு? ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டே போவதால் நம் பாடநூல்கள் 'பெருக்குத் தொடர்' என்கின்றன. இலங்கையில் 'பெருக்கல் விருத்தி' என்பார்கள். இரண்டும் நல்ல சொற்கள். 'வடிவியல் தொடர்' என்பதில் வடிவமும் தெரியவில்லை, பெருக்கலும் தெரியவில்லை.

ஆடிப்பெருக்கு கொண்டாடும் ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் மல்லுக்கு நின்றார்: பாதி பாதியாகக் குறைவதைப் போய்ப் பெருக்கு என்பதா, சுருக்குத் தொடர் என்று சொல்லேன்? அரையால் பெருக்கினாலும் பெருக்கல்தானே. ஆனால் அவர் குழப்பத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 'விகிதம் பின்னமாக இருந்தால் தொகை கிடைக்கும்' என்று எழுதுகிறவர்களை அவர் பிடித்திருக்க வேண்டும். ஒன்றரையும் பின்னம்தான், 3/2. அதனால் பெருக்கிக்கொண்டே போனால் வெள்ளம்தான். கூட்டல் குறியோ கழித்தல் குறியோ, குறியை விட்டுப் பார்த்தால் ஒன்றைவிடச் சிறியதாய் இருக்கும் விகிதம் வேண்டும்.

இப்போது உண்மையான வம்புக்கு வருகிறேன். கணக்கில் 'எல்லை' என்பது தெருவில் கிடக்கும் சொல் இல்லை. லிமிட் என்பதற்கு நாம் வைத்திருக்கும் கலைச்சொல் அது. லத்தீனில் 'லிமெஸ்' என்றால் வயல்களுக்கு நடுவே போகும் எல்லைப் பாதை, நம் வரப்புதான். எல்லை என்று மொழிபெயர்த்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. அதே எல்லையை எடுத்து 'எல்லையற்ற' என்று இன்ஃபினிட்டுக்கும் வைத்தால் என்ன ஆகும்? "இந்த எல்லையற்ற தொடருக்கு எல்லை உண்டு" என்று வகுப்பில் சொல்ல வேண்டி வரும். நான் சொல்லியிருக்கிறேன். பின் பெஞ்சு சிரித்திருக்கிறது.

அதைவிட மோசம், அந்த அடைமொழியைத் தொடரிலிருந்து கழற்றித் தொகையின் தலையில் கட்டியது. முடியாமல் போவது உறுப்புகளின் வரிசை. தொகை எங்கும் போவதில்லை, வரப்புக்குள்ளேயே கிடக்கிறது.

எங்கள் பக்கம் நிலத்தை ஏக்கரில் சொன்னாலும் மாக்கணக்கு இன்னும் போகவில்லை. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆக வேலிக்கு 2,000 குழி. ஒரு வேலி நிலத்தில் ஒருவன் முதல் நாள் பாதியை நடுகிறான், 1,000 குழி. மறுநாள் மிச்சத்தில் பாதி, 500. பிறகு 250, 125, 62½. ஐந்து நாளில் நட்டது 1,937½ குழி. மிச்சம் 62½, கடைசி நாள் நட்ட அதே அளவு. எந்த நாள் பார்த்தாலும் இப்படித்தான்: அன்று நட்டதும் மிச்சமும் சமம். மிச்சத்தில் பாதியை விட்டுவைக்கிறவன் எப்படி அடுத்தவன் வயலில் கால் வைப்பான்? கூட்டிக்கொண்டே போனாலும் தொகை 2,000 குழியைத் தாண்டாததன் காரணம் இவ்வளவுதான்.

தாண்டாது, சரி. 2,000 என்றே ஏன் சொல்ல வேண்டும், 1,999 என்றால் ஆகாதா? பத்தாம் நாள் மிச்சம் இரண்டு குழிக்கும் குறைவு, அடுத்த நாளே 1,999 தாண்டிவிடும். எங்கள் பக்கம் குழி என்பது 144 சதுர அடி. இருபதாம் நாள் மிச்சம் ஒரு சாணுக்கு ஒரு சாண்கூட இல்லை. முப்பதாம் நாள் ஒரு நெல்மணி படுக்கும் இடம். "இவ்வளவு குறையும்" என்று நீங்கள் எந்த அளவைக் காட்டினாலும், மிச்சம் அதற்கும் கீழே போகும் நாள் ஒன்று உண்டு. 2,000 தவிர வேறு எந்த எண்ணுக்கும் இது பொருந்தாது. அதனால்தான் அதை எல்லை என்கிறோம், தொகை என்றும் அதையே சொல்கிறோம். 'கடைசியில் போய்ச் சேர்ந்துவிடும்' என்று சிலர் விளக்குவதும் தப்பு. கடைசி நாள் என்று ஒன்று கிடையாது.

பாதிக்குப் பதில் தினமும் மிச்சத்தில் கால் பங்கு நட்டாலும் கதை இதுவே. முதல் நாள் 500, மறுநாள் 375, விகிதம் 3/4. முதல் உறுப்பு a, விகிதம் r என்றால் S = a/(1−r). 500ஐ 1/4ஆல் வகுத்தால் அதே 2,000. கீழே இருக்கும் 1−r வேறொன்றும் இல்லை, தினமும் எடுக்கும் பங்கு.

பையனுக்குச் சுருக்குவழி தெரிந்திருந்தது. S = 8+4+2+1+… என்று வைத்துப் பாதியாக்கினால் 4+2+1+…; கழித்தால் S-இல் பாதி 8, ஆக S 16. இதையே 1+2+4+8+… என்பதில் செய்து பார் என்றேன். இரட்டித்தான், 2S = S−1 என்று வந்தது, S என்பது −1. எல்லாம் கூட்டல், விடை கழித்தல் குறியோடு! எல்லை உண்டா என்று பார்க்காமல் S என்று பெயர் சூட்டினால் இப்படித்தான் ஆகும். இங்கே எல்லை கிடையாது. எல்லை என்ற சொல்லைக் கண்டபடி செலவழிக்காதே என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

'அனந்தத் தொகை' என்று எழுதுகிற கூட்டமும் உண்டு. வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. அதுவும் அடைமொழியைத் தப்பான தலையில்தான் கட்டுகிறது. 'முடிவுறாப் பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகை' என்று எழுதுங்கள். நீளம்தான். ஆனால் முடிவுறாதது எது, தொகை எதற்கு என்பது அதில் தெரிகிறது. 'கூடுதல்' என்ற பாடநூல் சொல்லும் எனக்குச் சம்மதமே, "ரெண்டு ரூபா கூடுதல்" என்று காய்கறிக்காரர் சொல்வது மட்டும் இடையில் வந்து தொலைக்கும்.

'எல்லையற்ற தொகை' என்ற சொல் வீணாகவும் வேண்டாம், அதற்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். மிச்சத்தில் இல்லை, முழு வேலியில் அரை, அடுத்து மூன்றிலொன்று, பிறகு கால், ஐந்திலொன்று என்று நட்டுப் பாருங்கள். உறுப்புகள் இதிலும் சிறுத்துக்கொண்டேதான் போகின்றன. ஆனால் மூன்றாம் நாளே பக்கத்து வயலுக்குள் போய்விடுவான். மூன்றிலொன்றும் காலும் சேர்ந்தால் அரைக்கு மேல். ஐந்திலொன்று முதல் எட்டிலொன்று வரை நான்கும் சேர்ந்தால் மறுபடி அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை வேலி அரை வேலியாக எத்தனை வரப்பை வேண்டுமானாலும் தாண்டுவான்.