பிடிஎப்பில் இருந்து கொப்பி பண்ணினால் வரிகள் ஏன் உடைகின்றன?

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அலுவலகத்துக்கு வரும் சுற்றறிக்கைகளை பிடிஎப்பில் இருந்து கொப்பி பண்ணி வேர்டில் ஒட்டுகிறார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் யாரோ என்டர் தட்டியதுபோல வரி உடைந்து நிற்கிறது. எழுத்தைச் சிறிதாக்கினாலும் வரிகள் சேர்வதில்லை. தமிழ் எழுத்துருவில்தான் கோளாறு, வேறு எழுத்துரு போடுங்கள் என்று கடைக்காரர் சொன்னாராம். கணினியில் எது பிழைத்தாலும் எழுத்துருவைக் குற்றம் சொல்வது நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. ஆங்கிலப் பிடிஎப்பிலும் இதே கதைதான், எழுத்துருவுக்கு இதில் பங்கில்லை.

வேர்ட் கோப்பில் ஒரு பந்தி என்பது ஒரே நீளமான எழுத்துச் சரம். அதன் முடிவில் மட்டும் ஒரு பந்திக் குறி இருக்கும். வரி எங்கே மடிகிறது என்பதை வேர்ட் கோப்பில் எழுதி வைப்பதில்லை, திரையில் காட்டும்போது ஓரத்தைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்கிறது. 1993இல் அடோபி வெளியிட்ட பிடிஎப்பின் நோக்கமே வேறு: எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரித் தெரியவேண்டும். அதனால் பிடிஎப்பாகச் சேமிக்கும்போது, மடித்து முடித்த பக்கம் அப்படியே உறைந்துவிடுகிறது. உள்ளே ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
BT
/F1 12 Tf
72 770 Td
<00A1003C0057> Tj
0 -18 Td
<00B2004400190063> Tj
ET
```

12 பொயிண்ட் எழுத்தை எடு, இடப்பக்கத்தில் இருந்து 72, அடியில் இருந்து 770 பொயிண்டில் பேனாவை வை, இந்த எழுத்து வடிவங்களை வரை, பிறகு 18 பொயிண்ட் கீழே இறங்கு, அடுத்ததை வரை. 72 பொயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். இதில் பந்தி எங்கே? இல்லை. வரி என்ற ஒன்றும் இல்லை, கீழே இறங்கிய அசைவு மட்டும்தான் உண்டு. சில பிடிஎப்களில் சொற்களுக்கு நடுவே இடைவெளி எழுத்துக்கூட இருப்பதில்லை, வெறும் நகர்வுதான்.

ஆகவே நீங்கள் கொப்பி பண்ணும்போது பிடிஎப் மென்பொருள் செய்வது ஊகம். ஒரே உயரத்தில் இருக்கும் எழுத்துகளைத் திரட்டி ஒரு வரி என்கிறது. இரண்டு எழுத்துக்கு நடுவே வழமையைவிடப் பெரிய இடம் இருந்தால் இடைவெளி போடுகிறது. உயரம் மாறினால் புதுவரி. இந்த மூன்றாவது ஊகம்தான் வாசகியின் தலைவலி. ஆனால் மென்பொருளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. முகவரியையோ கவிதையையோ அட்டவணையையோ ஒரே வரியாகச் சேர்த்துவிட்டால் அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. தேவையில்லாமல் உடைந்த வரியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால், வரி மடிந்தது ஓரம் முட்டியதாலா, எழுதியவர் என்டர் தட்டியதாலா என்று கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அடுத்த வரியின் முதல் சொல்லை எடுத்து, அது மேல் வரியின் மிச்ச இடத்தில் அடங்கியிருக்குமா என்று பார்க்கவேண்டும். கல்முனை பஸ்ஸில் இடம் இருந்தும் ஒருவர் ஏறாமல் நின்றால், அவர் வேறு பஸ்ஸுக்கு நிற்கிறார் என்றுதானே அர்த்தம்?

கணக்காகவே பார்ப்போம். ஏ4 தாளின் அகலம் 595 பொயிண்ட். இரு பக்கமும் ஓர் அங்குல ஓரம் விட்டால், எழுத்து 72இல் தொடங்கி 523 வரை போகலாம். சுற்றறிக்கையில் இப்படி மூன்று வரிகள் என்று வையுங்கள்:

பெரும்போகத்துக்கான விவசாயிகள் கூட்டம் பிரதேச செயலகத்தில் எதிர்வரும்
வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு நடைபெறும்.
விவசாயிகள் அனைவரும் தேசிய அடையாள அட்டையுடன் வரவும்.

முதல் வரி 489இல் முடிகிறது என்றால் மிச்சம் 34 பொயிண்ட். ‘வெள்ளிக்கிழமை’க்கு 90 பொயிண்ட் அளவு வேண்டும். இடமில்லை, அதனால்தான் கீழே போனது. இது வெறும் மடிப்பு, சேர்த்துவிடலாம். இரண்டாம் வரி 355இல் நிற்கிறது, மிச்சம் 168. ‘விவசாயிகள்’ 70 பொயிண்ட்தான், இடைவெளியோடு சேர்த்தாலும் தாராளமாக அடங்கும். அடங்கக்கூடிய சொல் கீழே போயிருந்தால், எழுதியவர் அங்கே என்டர் தட்டியிருக்கிறார். பந்தி அங்கே முடிகிறது. கோப்பில் எங்குமே எழுதப்படாத ஒரு விரல் அசைவை, வெறும் அகலங்களை வைத்துப் பிடித்துவிட்டோம்!

இதற்கும் எல்லை உண்டு. பந்தியின் கடைசி வரி தற்செயலாக ஓரம்வரை நிரம்பியிருந்தால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். அப்போது வரிகளுக்கு இடையே கூடுதல் உயரம் இருக்கிறதா, அடுத்த வரி உள்தள்ளித் தொடங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், வாசித்துப் பார்க்கிற மனிதர்தான் தீர்மானிக்கமுடியும்.

இந்தச் சோதனை பிடிஎப்பின் பக்கத்தில்தான் முழுதாக நடக்கும். ஒட்டிய பிறகு கையில் இருப்பது எழுத்து மட்டும், அகலங்கள் போய்விட்டன. எழுத்தை எண்ணி ஈடுகட்டவும் தமிழ் விடாது, ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலமா என்ன? நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு சொல்லின் இடத்தையும் இப்படி எடுக்கலாம்:

```
pdftotext -bbox kaditham.pdf sorkal.html
```

xMin, xMax என்று வரும் எண்கள்தான் சொல்லின் இரு ஓரங்கள்.

மற்றவர்களுக்கு வேர்டே போதும். பிடிஎப்பைப் பக்கத்தில் வைத்து, பந்தி உண்மையில் முடியும் இடங்களில் மட்டும் இன்னொரு என்டர் தட்டுங்கள். பிறகு Ctrl+H அழுத்தி, முதலில் ^p^p என்பதை @@@ ஆக்குங்கள். அடுத்து ^p என்பதை ஓர் இடைவெளி ஆக்குங்கள். கடைசியாக @@@ என்பதை ^p ஆக்குங்கள். இந்த ஒழுங்கை மாற்றினால் எல்லாப் பந்தியும் ஒன்றாகிவிடும். உங்கள் வேர்டில் ^p எதையும் பிடிக்கவில்லை என்றால் ^l போட்டுப் பாருங்கள்.

சரி, இவ்வளவு பாடு ஏன்? பிடிஎப்பிலேயே ‘இது ஒரு பந்தி’ என்று அடையாளம் இட வழி இருக்கிறது. 2001இல் வந்த 1.4 பதிப்பில் இருந்தே உண்டு. வேர்டில் பிடிஎப்பாகச் சேமிக்கும்போது Options உள்ளே Document structure tags for accessibility என்ற பெட்டியில் சரி அடையாளம் இருந்தால் போதும். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் நம்பியிருப்பது இந்த அடையாளங்களைத்தான். கொப்பி பண்ணும்போது எல்லா மென்பொருளும் இவற்றைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் அச்சடித்த தாளை ஸ்கேன் பண்ணிப் படமாகப் போட்டுவிட்டு, தமிழில் வெளியிட்டாயிற்று என்று கணக்குக் காட்டுவதை என்னால் ஏற்கமுடியாது. பொதுப் பணத்தில் வரும் ஆவணத்துக்கு ஒரு பெட்டியைச் சரி பார்ப்பது பெரிய செலவில்லை.

பத்திரிகைப் பக்கங்களின் பிடிஎப்பில் மட்டும் கவனம் வேண்டும். குறுகிய பத்திகளில் தமிழ்ச் சொல்லை இணைகோடு இல்லாமலே நடுவில் உடைத்துவிடுவார்கள். ‘மட்டக்கள’ மேலே, ‘ப்பில்’ கீழே. அங்கே ^pக்குப் பதிலாக இடைவெளி போட்டால் ‘மட்டக்கள ப்பில்’ என்று இரண்டாகிவிடும். இடைவெளியே போடாமல் சேர்த்தால் மற்ற வரிகளில் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். முதலில் இடைவெளி போட்டே சேர்த்துவிட்டு, புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் துண்டுகளைத் தேடிப்பாருங்கள். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது என்பதால் அவை உடனே அகப்படும். ‘மட்டக்க’ மேலும் ‘ளப்பில்’ கீழும் போனவற்றை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.