பிங் ஏறினால் பிளானை மாற்றாதீர்கள், முதலில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வாருங்கள்

போன வாரம் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கியும் பையனுக்கு கேம் விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது, திரையில் `NAT Type: Strict`, கூட்டாளியின் வாய்ஸ் சாட்டும் கேட்பதில்லை. "அண்ணே, சர்வர்தான் சரியில்ல" என்றான். எல்லாரும் முதலில் சொல்வது அதுதான்.

மாடி அறையில், வைஃபையிலேயே இதை ஓட்டினோம். வெளியே எங்கும் போகாமல் வீட்டு ரூட்டர் வரைக்குமான சோதனை.

```
ping -n 100 192.168.0.1
```

அனுப்பிய நூறு பாக்கெட்டில் 7 தொலைந்தது, நேரம் 3-இல் இருந்து 280 மில்லி செகண்ட் வரை குதித்தது. ரூட்டரோ கீழே ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குள், நடுவில் கான்கிரீட் தளம். லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் லேன் கேபிளில் சொருகி மறுபடி ஓட்டினால் ஒன்றுகூடத் தொலையவில்லை, நேரம் 1. அப்போ பழி சர்வர் மேலும் இல்லை, பிளான் மேலும் இல்லை. கேபிளிலும் இப்படித் தொலைந்திருந்தால் ரூட்டரையோ வயரையோ சந்தேகப்பட்டிருப்பேன். ரூட்டர் வரை சுத்தமாக இருந்து, வெளியே கூகுள் சர்வர் வரை போகும் `ping 8.8.8.8` மட்டும் தொலைந்தால்தான் ஃபைபர்காரரைக் கூப்பிடவேண்டும். மாடிப்படி ஓரமாக கேட்-6 கேபிள் இழுத்து அந்தக் குறையை முடித்தோம்.

அடுத்து நேட், அதாவது வீட்டுக்குள் இருக்கும் முகவரியை ரூட்டர் வெளி முகவரியாக மாற்றும் வேலை. `Strict` என்றால் வெளியிலிருந்து வரும் அழைப்பு உள்ளே நுழைய முடியவில்லை என்று பொருள்.

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரியில் 192.168.0.1, இரண்டாவதில் 192.168.1.1. ஃபைபர்காரர் வைத்த பெட்டியே ஒரு ரூட்டர், அதன் பின்னால் இவன் வாங்கிய ரூட்டர் இன்னொன்று, இரண்டும் தனித்தனியாக முகவரி மாற்றுகின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்பு முதல் பெட்டியிலேயே நின்றுவிடும். இவன் வீடியோ பார்த்து, கேமின் அழைப்பு உள்ளே வரும் வழியான 3074 போர்ட்டைத் திறந்துவைத்திருந்தான், ஆனால் திறந்தது உள்ளே இருந்த ரூட்டரில்! அந்த ரூட்டரை மாடிக்குக் கொண்டுபோய், முகவரி மாற்றாமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டோம். அந்த மோடில் அதன் முகவரி மாறிவிடும், பழைய முகவரியைத் தட்டிவிட்டு ரூட்டர் செத்துப்போச்சு என்று பயந்துவிடாதீர்கள்.

அப்படியும் ஸ்ட்ரிக்ட் போகவில்லை. ஃபைபர் பெட்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் WAN IP 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை வந்தால் அது சிஜிநேட், அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு நம் வீட்டுக்குள் எதைத் திருகியும் பலனில்லை. ஃபைபர்காரரிடம் 'பப்ளிக் ஐபி வேணும்' என்று அதே வார்த்தையில் கேளுங்கள், 'நெட் ஸ்லோ' என்றால் பெரிய பிளானைத்தான் நீட்டுவார். இங்கே மாத வாடகையில் கொஞ்சம் கூட்டிக்கொண்டு கொடுத்தார்கள். பெட்டியில், கேம் கேட்கும் போர்ட்டைத் தானாகத் திறந்துகொடுக்கும் UPnP-ஐ ஆன் செய்து எல்லாவற்றையும் அணைத்துப் போட்டதும் `Open` வந்தது. சில வீடியோக்களில் சொல்வதுபோல டிஎம்ஜெட்டில் லேப்டாப்பைப் போடாதீர்கள், அது வாசல் கதவையே கழற்றிவைக்கிற வேலை.

சிங்கப்பூர் சர்வரில் மட்டும் பிங் இன்னும் கூடத்தான் காட்டுகிறது. கடலுக்கடியில் அவ்வளவு தூரம் போய்வரவேண்டுமே, அதை நான் குறைக்க முடியாது மக்கா, மும்பை சர்வரை எடுத்து ஆடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.