பாக்கி வைத்த பில், நனைந்த சரக்கு: இன்புட்டைத் திருப்ப இரண்டு கட்டங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மோட்டார் கடை வைத்திருப்பவருக்குக் கோயம்புத்தூரிலிருந்து சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் தேதி 3 ஏப்ரல் 2025. நாற்பது மோட்டார், ஒன்று 5,000 ரூபாய். சரக்கு மதிப்பு 2,00,000, ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 36,000, ஆக மொத்தம் 2,36,000. ஏப்ரல் மாத ஜி.எஸ்.டி. ரிட்டனான GSTR-3B-யில், சரக்கு வாங்கியபோது பில்லில் வந்த இந்த 36,000 வரியை இன்புட்டாக எடுத்து, அதைக் கொண்டே அந்த மாத வரியைக் கட்டியாகிவிட்டது. ஜூனில் பாதிப் பணம், 1,18,000 அனுப்பினார். மீதி நிற்கிறது.

சப்ளையருக்குத் தர வேண்டிய தொகையை, வரியையும் சேர்த்து, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் தந்துவிட வேண்டும். தராத பங்குக்கு உரிய இன்புட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதிகளில் 37-ஆம் விதி. கணக்கு பில் தேதியிலிருந்துதான் ஓடும். லாரி ஒரு வாரம் கழித்து வந்தது, டாலியில் மாதக் கடைசியில்தான் ஏற்றினோம் என்பதெல்லாம் எடுபடாது. மேலே சொன்ன பில்லுக்கு 180-ஆவது நாள் செப்டம்பர் 30. எனவே அக்டோபர் மாத ரிட்டனில், அதாவது நவம்பர் 20-க்குள், திருப்ப வேண்டும். பாக்கி சரிபாதி என்பதால் இன்புட்டிலும் சரிபாதி, 18,000.

இது தவறிப்போவதற்கு முக்கியக் காரணம், பணம் கொடுக்கும்போது எந்தப் பில்லுக்கு என்று குறிக்காமல் 'ஆன் அக்கவுன்ட்' என்று போட்டுவிடுவது. மொத்த பாக்கி குறைவாகத் தெரியும், பழைய பில் ஒன்று உள்ளே கிடக்கும். டாலியில் பில்வாரியாகக் கணக்கு வைத்து, மாதம் ஒருமுறை 150 நாள் தாண்டியவற்றை எடுத்துப் பார்த்தால், பணம் அனுப்ப இன்னும் முப்பது நாள் வரை கையில் இருக்கும். வேலை ஒப்பந்தங்களில் பிடித்து வைக்கும் ரிட்டென்ஷன் தொகைக்கும் விதியில் தனி விலக்கு இல்லை. ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே வரி கட்டிய பில்களுக்கு மட்டும் இந்தக் கெடு கிடையாது.

இப்போது இன்னொரு நிலைமை. ஆகஸ்ட் மழையில் பேஸ்மென்ட் குடோனுக்குள் தண்ணீர் புகுந்து, அதே சரக்கில் ஆறு மோட்டார் பாழாகி, கணக்கிலிருந்து எழுதித் தள்ளிவிட்டார். அழிந்த, திருடுபோன, எழுதித் தள்ளிய சரக்குக்கு இன்புட் கிடையாது என்பது 17(5)(h) பிரிவு. மோட்டாருக்கு 900 வீதம் 5,400 போய்விட்டது. சப்ளையருக்கு முழுப் பணமும் கொடுத்திருந்தாலும் இது திரும்பாது. ஆனால் விற்காமல் தேங்கிய சரக்கின் மதிப்பைக் குறைத்து ஒதுக்கீடு மட்டும் போட்டிருந்தால் அது எழுதித் தள்ளியதாகாது, சரக்கு இன்னும் ஸ்டாக்கில் இருக்கிறது. அடிமாட்டு விலைக்கே விற்றாலும், வரி போட்டு விற்றால் அது விற்பனைதான்.

ரிட்டனில் இவை இரண்டும் வெவ்வேறு கட்டம். மழையில் போன 5,400 ஆகஸ்ட் ரிட்டனில் 4(B)(1)-இல் போக வேண்டும், அது நிரந்தரம். பாக்கிக்காகத் திருப்புவது 4(B)(2), அது திரும்ப எடுக்கக்கூடியது. 36,000-இல் 5,400 ஏற்கெனவே போனதால் மிச்சம் 30,600, அதில் பாதி 15,300 மட்டும் அக்டோபர் ரிட்டனில் 4(B)(2)-க்கு வந்தால் போதும். ஒரே ரூபாயை இருமுறை திருப்ப வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

பாக்கிக்காகத் திருப்பும் தொகைக்கு வட்டியும் உண்டு, ஆண்டுக்கு 18 சதவீதம். ஏப்ரல் ரிட்டனின் கெடுவான மே 20 முதல் நவம்பர் 20 வரை 184 நாள், 15,300-க்கு 1,388 ரூபாய். இதைக் கேஷ் லெட்ஜரிலிருந்துதான் கட்ட வேண்டும். எடுத்த இன்புட்டைத் தொடவே இல்லை, கிரெடிட் லெட்ஜர் இருப்பு ஒருநாளும் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கவில்லை என்றால், 88B விதியைக் காட்டி வட்டி இல்லை என்று வாதிட இடமுண்டு. அதற்கு லெட்ஜர் பிரதியை மாதாமாதம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஜனவரி 2026-இல் மீதி 1,18,000 கொடுத்தாயிற்று. அந்த மாத ரிட்டனில் 15,300-ஐ 4(A)(5)-இல் எடுத்து, 4(D)(1)-இலும் காட்ட வேண்டும். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு இன்புட் எடுக்க அடுத்து வரும் நவம்பர் 30 வரை என்ற வழக்கமான கெடு, இப்படித் திரும்ப எடுப்பதற்குப் பொருந்தாது. வட்டி மட்டும் திரும்பாது.

பெரிய தவறு நடப்பது இங்கேதான். 5,400-ஐயும் 4(B)(2)-இல் போட்டிருந்தால், போர்ட்டலில் 'Electronic Credit Reversal and Re-claimed Statement' 20,700 இருப்பு காட்டும். பணம் கொடுத்ததும் கணக்காளர் இருப்பைப் பார்த்து முழுவதையும் எடுத்துவிடுவார். எடுக்கும் தொகை இருப்புக்குள் இருப்பதால் போர்ட்டலும் எச்சரிக்காது. பிறகு ஆடிட்டில் ஸ்டாக் பதிவேட்டோடு ஒப்பிடும்போது 5,400 வட்டியோடு வெளியே வரும். தலைகீழாக 15,300-ஐ 4(B)(1)-இல் போட்டால், பணம் கொடுத்த பிறகும் எடுக்க அந்த ஸ்டேட்மென்டில் இருப்பே இருக்காது. அதனால் 4(B)(2)-இல் போடும் ஒவ்வொரு தொகைக்கும் பில் எண், தேதி, பாக்கி, பணம் கொடுத்த நாள் ஆகிய நான்கையும் தனித் தாளில் எழுதி, மாதக் கடைசியில் அதன் கூட்டலும் போர்ட்டல் இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.